எண்ணாத தலையை முழுக்கோட்டில் வரையாதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுச் சண்டை போடுங்கள், தாராளமாக.

தொகுதி மறுவரையறைப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து நம் குடும்பக் குழுவிலும், பழைய மாணவர் குழுவிலும் தமிழ்நாட்டு மக்கள்தொகை வரைபடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கட்சிக்காரப் பிள்ளை ஒன்று அனுப்புகிறான், எதிர்க்கட்சிக்காரன் பதிலுக்கு ஒன்று அனுப்புகிறான். கருத்தில் இருவரும் கீரியும் பாம்பும். ஆனால் ஒரு தவறில் மட்டும் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. 1971இல் தொடங்கும் கோடு 2036 வரைக்கும் ஒரே தடிமனில், ஒரே நிறத்தில், எங்கும் நிற்காமல் போகிறது. ரயில் தண்டவாளம் மாதிரி.

அந்தக் கோட்டில் எது எண்ணியது, எது கணித்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இதைத்தான் நான் தவறு என்கிறேன். அழகுக் குறைபாடு என்று சொல்லவில்லை, தவறு என்றே சொல்கிறேன்.

வகுப்பில் கனச்சதுரம் வரைந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒன்பது விளிம்புகளை முழுக்கோடாகப் போடுவோம். பின்னால் மறைந்திருக்கும் மூன்றை விட்டுவிட்டு, துண்டுதுண்டாகப் போடுவோம். அந்த மூன்றும் பொய் என்று அர்த்தமில்லை. "இதை நான் பார்க்கவில்லை, இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்" என்று அர்த்தம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்த இந்த மரியாதையைத்தான் கால வரைபடத்திலும் கேட்கிறேன். அளந்து, எண்ணி, பதிவு செய்தது முழுக்கோடு. இனி இப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது துண்டுக்கோடு. ஒரே படத்தில் இரண்டும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ஒன்று மற்றொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்த் தலையை எண்ணிய விவரம் இது. 1971இல் 4.12 கோடி. 1981இல் 4.84 கோடி. 1991இல் 5.59 கோடி. 2001இல் 6.24 கோடி. 2011இல் 7.21 கோடி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் எண்ணவே இல்லை. 2021 கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போனது. 1881இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்த கணக்கெடுப்பு தவறியது அதுதான் முதல்முறை. அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16இல் வந்தது. நம் பகுதிக்கு அதன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1.

அப்படியானால் படத்தில் 2021க்கு நேராக இருக்கும் 7.64 கோடி எங்கிருந்து வந்தது? ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக்கான தொழில்நுட்பக் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து. 2036க்கு அந்த அறிக்கை சொல்வது சுமார் 7.80 கோடி. இரண்டும் கணிப்பு. அறிக்கையின் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்தக் குழுவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் நாணயமாகக் கணிப்பு என்று எழுதினார்கள். அதை எடுத்து 2011இன் வாலில் ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் பூசி மெழுகியவர்கள் படம் வரைந்தவர்கள்.

இங்கேதான் உங்களில் பலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "சார், 2036 எதிர்காலம் என்று யாருக்குத் தெரியாது? அதற்குத் தனியாகத் துண்டுக்கோடு எதற்கு?" நல்ல கேள்வி. 2036 எதிர்காலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2021? அது கடந்துபோன ஆண்டு. கடந்துபோன ஆண்டின் எண் என்றால் அது நடந்த எண் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். நாள்காட்டியில் கிழித்துப்போட்ட தேதி அது. படத்தைப் பார்ப்பவர் மனத்தில் எல்லைக் கோடு "இன்று" என்னும் இடத்தில் விழுகிறது. உண்மையான எல்லையோ கடைசியாக எண்ணிய நாளில், 2011இல், இருக்கிறது. நடுவில் இருக்கும் இந்த ஆண்டுகள் முழுக்கக் கணிப்பு, ஆனால் பார்வைக்கு வரலாறு. எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு யாரையும் பெரிதாக ஏமாற்றாது. கடந்த காலத்தைப் பற்றிய கணிப்புதான் ஏமாற்றும்.

ஆகவே துண்டுக்கோட்டை இன்றைய தேதியிலிருந்து தொடங்கினால் அதுவும் தவறு. அது தொடங்க வேண்டிய இடம் 2011. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பதிவு படித்த மாதிரி.

அடுத்து, "கணிப்பு பெரிதாகத் தவறிவிடவா போகிறது?" என்பார்கள். தவறியிருக்கிறது. அதுவும் நம் மாநிலத்தில், நம் கண் முன்னால்.

2001 கணக்கெடுப்பை வைத்து இதே போன்ற ஒரு தொழில்நுட்பக் குழு 2006இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2001 முதல் 2026 வரை ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பு. 2011இல் தமிழ்நாடு 6.74 கோடியாக இருக்கும் என்றது அந்த அறிக்கை. 2011இல் எண்ணிப் பார்த்தால் 7.21 கோடி. வித்தியாசம் 47 லட்சம் பேர்.

இதை இன்னொரு விதமாகப் பாருங்கள். அந்தப் பத்தாண்டில் 50 லட்சம் பேர் கூடுவார்கள் என்பது கணிப்பு. கூடியவர்கள் 97 லட்சம் பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு முந்தைய பத்தாண்டில் கூடியது 65 லட்சம்தான் என்பதால், வளர்ச்சி குறைந்துகொண்டே போகும் என்று நினைத்தது அறிவில்லாத நினைப்பு அல்ல. பிறப்பு குறைந்து வந்த மாநிலம் இது. ஆனாலும் தவறியது. அந்தக் கணிப்பின்படி 2026இல்கூட தமிழ்நாடு சுமார் 7.19 கோடியாகத்தான் இருந்திருக்கும். அதாவது 2026இலும் தொடாது என்று சொன்ன எண்ணை 2011லேயே தாண்டிவிட்டோம்.

இந்த மாதிரிக் கணிப்பு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் ஏன் தவறும் என்பதும் புரியும். மக்களை வயதுவாரியாகக் கூறு போடுகிறார்கள். ஐந்து வயதுக்கு ஒரு கூறு. ஒவ்வொரு கூறையும் ஐந்து ஆண்டு முன்னே நகர்த்தி, அதில் எத்தனை பேர் இறப்பார்கள், பெண்களுக்கு எத்தனை குழந்தை பிறக்கும், எத்தனை பேர் மாநிலத்துக்குள் வருவார்கள், வெளியே போவார்கள் என்று மூன்று அனுமானங்களைச் சேர்க்கிறார்கள். பிறப்பும் இறப்பும் மெதுவாக மாறுபவை. அவற்றை ஓரளவு பிடித்துவிடலாம். வருவோர் போவோர் கணக்குதான் பிடி கொடுக்காதது. காலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று எத்தனை மொழி காதில் விழுகிறது என்று பாருங்கள், நான் சொல்வது விளங்கும். நம் ஆவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் 2.29 லட்சம், 2011இல் 3.46 லட்சம். பத்தே ஆண்டில் பாதி ஆவடி புதிதாக முளைத்தது. இவ்வளவு பிள்ளைகள் இங்கேயே பிறந்துவிடவில்லை.

உடனே நீங்கள், "அப்படியானால் கணிப்பே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கக் கூடாது. வேண்டும். பள்ளிக்கூடமும் குடிநீர்க் குழாயும் கணிப்பு இல்லாமல் போட முடியாது. அதே 2006 அறிக்கை இந்தியா முழுமைக்கும் 2011இல் 119.25 கோடி என்றது. எண்ணியபோது 121.09 கோடி. ஒன்றரை விழுக்காடுதான் பிசகு. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது நல்ல கணிப்பு. ஆனால் அதே அறிக்கை, அதே முறை, தமிழ்நாட்டுக்கு ஆறரை விழுக்காடு பிசகியது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஆள் நகர்ந்தால் நாட்டின் மொத்தம் மாறாது. மாநிலத்தின் எண் மட்டும் மாறும். ஆகவே நாட்டுக் கோடு நம்பகமாக இருப்பதை வைத்து மாநிலக் கோட்டை நம்ப முடியாது. மறுவரையறைப் பேச்சில் நமக்கு வேண்டியதோ மாநிலங்களுக்குள் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான். கணிப்பு எங்கே வலுவில்லையோ, சரியாக அங்கேயே அதை முழுக்கோடாகப் போட்டு வாதாடுகிறோம்.

என்ன நட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் நமக்கு இருக்கும் 39 இடங்கள் 1971இன் 4.12 கோடியை அடிப்படையாகக் கொண்டவை. 1976இல் 42ஆவது திருத்தம் அதை நிறுத்தி வைத்தது. பிறகு 84ஆவது திருத்தம் 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நாம் 8 இடங்களை இழக்கும் நிலை வரும் என்று சொன்னார். 39 போய் 31 ஆகும் என்ற அந்தக் கணக்கு ஊரெங்கும் பரவியது. அப்படி ஆகாது என்று மறுத்தவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நியாயம் என்று நான் இங்கே பேசவரவில்லை. 31 என்ற எண் வருவதற்கு, 2026இல் எந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்ற கணிப்பு அடியில் இருக்கிறது. அதை யாரும் எண்ணவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 81ஆவது கூறோ, மக்கள்தொகை என்றால் கணக்கெடுப்பில் கண்டறிந்து வெளியிடப்பட்ட எண் என்கிறது. சட்டமே எண்ணியதைக் கேட்கிறது. நாம் கணித்ததை எண்ணியதுபோல வரைந்து, அதை வைத்து ஒருவரையொருவர் துரோகி என்கிறோம். நாளை எண்ணி முடித்ததும் எண் வேறாக வந்தால், "அப்போது காட்டிய கோடு பொய்யா?" என்று எதிராளி கேட்பான். நியாயமான வழக்கையே முழுக்கோடு கெடுத்துவிடும். அதுதான் என் கவலை.

இனி, துண்டுக்கோடு வேண்டாம் என்பவர்கள் சொல்லும் மாற்று வழிகள் இரண்டு.

ஒன்று, "நிறம் மாற்றினால் போதாதா?" போதாது. தாலுகா அலுவலகத்திலோ பள்ளியிலோ அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். என் வகுப்புகளிலேயே இருந்திருப்பீர்கள். தவிர, நிறம் "இது வேறு பொருள்" என்றுதான் சொல்லும். தமிழ்நாடு ஒரு நிறம், கேரளம் ஒரு நிறம் என்று பழகிய கண் அது. ஒரே பொருள், ஆனால் உறுதி குறைவு என்பதைச் சொல்ல, நிறத்தை மாற்றாமல் கோட்டை உடைப்பதுதான் சரி. நிறம் யார் என்று சொல்லட்டும், கோட்டின் தன்மை எவ்வளவு உறுதி என்று சொல்லட்டும். ஆளுக்கொரு வேலை.

இரண்டாவது, "கீழே சின்ன எழுத்தில் குறிப்பு போட்டிருக்கிறோமே." அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுத்தான் படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றுகிறது. படம் போகும் இடமெல்லாம் பிரியாமல் கூடவே போவது கோடு ஒன்றுதான். எச்சரிக்கை கோட்டிலேயே இருக்க வேண்டும்.

சரி, வரைவது எப்படி? உங்களில் பலர் அலுவலகத்தில் தினமும் எக்செல் போடுகிறவர்கள். விற்பனை, மின்சாரச் செலவு, எதுவானாலும் இதே முறைதான். ஒரே நெடுவரிசையில் எல்லா எண்ணையும் போடாதீர்கள். இரண்டு நெடுவரிசை போடுங்கள்.

```
ஆண்டு   எண்ணியது   கணித்தது
1991    5.59
2001    6.24
2011    7.21       7.21
2021               7.64
2036               7.80
```

2011இன் 7.21 இரண்டு இடத்திலும் இருப்பதைக் கவனியுங்கள். அது எழுத்துப் பிழை இல்லை. கணித்த வரிசையிலும் அதைப் போடாவிட்டால் துண்டுக்கோடு 2021இல்தான் தொடங்கும். நடுவில் பத்து ஆண்டு பள்ளம் விழும். கணிப்பு கிளம்பிய இடம் கடைசியாக எண்ணிய இடம்தான் என்று காட்டுவதற்காக அந்த ஒரு புள்ளி இரண்டு கோட்டுக்கும் பொது. வெற்றுக் கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள். அங்கே பூஜ்யம் போட்டால் கோடு தரைக்கு விழுந்து எழும். அந்தக் கட்டத்தில் சூத்திரம் இருந்தே ஆக வேண்டும் என்றால் `=NA()` வரும்படி எழுதுங்கள். பிறகு முதல் கோட்டை முழுக்கோடாகவும், இரண்டாவதை அதே நிறத்தில் துண்டுக்கோடாகவும் மாற்றுங்கள்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. 2011க்கும் 2021க்கும் இடையில் பத்து ஆண்டு. 2021க்கும் 2036க்கும் பதினைந்து. சாதாரணக் கோட்டு வரைபடத்தில் ஆண்டை வெறும் பெயராக எடுத்துக்கொண்டால் இரண்டு இடைவெளியையும் ஒரே அகலத்தில் போட்டுவிடும். அப்போது கணிப்பின் சாய்வு பொய்யாகிவிடும். ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்து புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எண்ணிய ஆண்டுகளில் மட்டும் தடித்த புள்ளி வையுங்கள். ஏனென்றால், நாணயமாகப் பேசினால், 2001க்கும் 2011க்கும் நடுவே போகும் முழுக்கோடுகூட எண்ணியதல்ல. 2006இல் யாரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. இரண்டு எண்ணிய புள்ளிகளை நேராக இணைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் துண்டுக்கு இரு முனையிலும் முளை அடித்திருக்கிறது. கணிப்புக்கு ஒரு முனையில் மட்டும்தான் முளை, மறுமுனை காற்றில். அந்த வேறுபாட்டால்தான் ஒன்றுக்கு முழுக்கோடு தகும், மற்றதற்குத் தகாது என்கிறேன்.

துண்டுக்கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். எவ்வளவு பிசகலாம் என்று அது சொல்லாது. அதற்கு மேலும் கீழும் விசிறிபோல விரியும் பட்டை போட வேண்டும். அதைப் போடும் அளவு விவரம் எல்லோரிடமும் இருக்காது. ஆனால் "இது எண்ணியதல்ல" என்று சொல்ல எந்த விவரமும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். குறைந்தபட்சம் அதையாவது செய்யுங்கள் என்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2027 கணக்கெடுப்பின் எண் வெளிவந்ததும் எல்லோரும் பழைய படத்தை எடுத்து, துண்டுக்கோட்டை அழித்துவிட்டு, முழுக்கோட்டை நீட்டப் போகிறார்கள். அழிக்காதீர்கள். முழுக்கோடு தன் வழியில் போகட்டும். 2020 அறிக்கையின் துண்டுக்கோடும் அதன் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். முடிந்தால் 2006 அறிக்கையின் துண்டுக்கோட்டையும் 2001இலிருந்து கிளப்பி விடுங்கள். அது 2011இல் 47 லட்சம் கீழே ஓடுவதை உங்கள் பிள்ளைகள் தம் கண்ணால் பார்க்கட்டும். ஒரு கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. கணித்தவர்களை அவமானப்படுத்த இதைச் சொல்லவில்லை. விடை தவறினாலும் செய்முறையை அழிக்காமல் விடு என்று நான் எத்தனை விடைத்தாளில் எழுதியிருப்பேன்!

அதுவரைக்கும், யார் எந்தப் படத்தை அனுப்பினாலும், நம் கட்சியோ எதிர்க்கட்சியோ, சொந்த மாமனோ மச்சானோ, ஒரே ஒரு கேள்வியைப் பதிலாகப் போடுங்கள்: "இதில் கடைசியாக எண்ணிய புள்ளி எது?" பதில் சொல்ல முடியாதவர் அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது.